மிக்சர் 100 என்றால் என்ன?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பேத்தியின் காதணி விழாவுக்காக உன் சமையல்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். அரிசி 18, பருப்பு 3, தயிர் 15, வடை 1, மிக்சர் 100. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே மை. ஆனால் ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு மொழியில் பேசுகிறது. அதை அப்படியே மளிகைக் கடையில் நீட்டிவிடாதே.

வடை 1 என்பதில் குழப்பமில்லை. இலைக்கு ஒன்று, 150 பேருக்கு ஒரே வடை என்று யாரும் படிக்கமாட்டார்கள். அரிசி 18 மொத்தக் கணக்கு. எங்கள் பக்கத்தில் ஒரு கிலோவுக்கு எட்டுப் பேர் என்போம். 150 பேருக்கு 18 முதல் 19 கிலோ வரை வரும். தயிர் 15 லிட்டரும் அப்படித்தான், இலைக்கு 100 மில்லி.

இடிப்பது பருப்பு. 3 கிலோவை 150 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 20 கிராம். சாம்பாருக்கு மட்டுமே ஆளுக்கு 25, 30 கிராம் வேண்டும்; முதலில் பரிமாறும் நெய்ப்பருப்பு தனி. அவர் கஞ்சமாகப் போட்டிருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. சமையல்காரர்கள் பலர் நூறு பேருக்கு என்று ஒரு பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அரிசியை உன் ஆள் கணக்கைக் கேட்டு எழுதியவர், பருப்பைப் பழக்கதோஷத்தில் நூற்றுக்கு 3 கிலோ என்று எழுதிவிட்டார் போலிருக்கிறது. அப்படியானால் சாம்பாருக்கே நாலரைக் கிலோ வேண்டும்.

இதில் எனக்கு ஒரு பழைய வடு உண்டு. நான் உக்கிராணம் பார்க்கத் தொடங்கிய புதிதில் 300 பேர் கல்யாணம் ஒன்று. பட்டியலின் தலையில் 'நூற்றுக்கு' என்று எழுதியிருந்த இடம் மடிப்பில் கிழிந்து போயிருந்தது. பருப்பு 3 என்று இருந்ததைப் பார்த்து மூன்று கிலோ வாங்கி வைத்தேன். விடியற்காலை நாலு மணிக்கு அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது, சமையல்காரர் பையைக் கையில் தூக்கிப் பார்த்து, "இது ரசத்துக்கா, சாம்பாருக்கா?" என்றார். அந்த இருட்டில் சைக்கிளை மிதித்துப் போய் மளிகைக் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உன் அம்மாவுக்குக்கூட இந்தக் கதையை நான் முழுதாகச் சொன்னதில்லை.

ஒரு பட்டியலில் எந்த எண்ணைப் பார்த்தாலும் ஆள் கணக்கால் வகுத்து, வருகிற அளவை ஓர் இலையில் வைத்துப் பார். ஒன்று வழியும், அல்லது காணாமல் போகும். தவறான கணக்கு பெரும்பாலும் அங்கேயே பிடிபடும்.

ஆனால் மிக்சர் 100 பிடிபடாது. தாம்பூலப் பைக்கு 100 கிராம் என்றாலும் பொருந்துகிறது. மொத்தம் 100 பொட்டலம் என்றாலும் பொருந்துகிறது. தாம்பூலப் பையைத் தலைக்கு ஒன்று என்றா கொடுக்கிறோம்? குடும்பத்துக்கு ஒன்றுதான் கொடுக்கிறோம். 150 பேர் வந்தால் 100 பை போதும் என்று அவர் நினைத்திருக்கலாம். நீ தலைக்கு ஒன்று என்று நினைத்திருந்தால் 150 பைக்கு 15 கிலோ ஆகும். இரண்டு கணக்குமே நியாயமாக இருப்பதால், வகுத்துப் பார்த்துப் பயனில்லை. கேட்டே ஆகவேண்டும்.

கேட்கும்போது "மிக்சர் 100, சரிதானே?" என்று கேட்காதே. அவர் மனதில் இருக்கும் நூற்றுக்கு அவர் தலையாட்டுவார், உன் மனதில் இருக்கும் நூற்றுக்கு நீ தலையாட்டுவாய். "எத்தனை பை, ஒரு பையில் எத்தனை கிராம், ஆக மொத்தம் எத்தனை கிலோ?" என்று கேள். மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லட்டும். பருப்புக்கும் அதேபோல, "150 பேருக்கும் நெய்ப்பருப்பு, சாம்பார் எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை கிலோ?" என்று கேட்டு, வந்த பதிலை அந்தப் பட்டியலிலேயே 'மொத்தம்' என்ற சொல்லோடு எழுதிக்கொள்.

இன்னொன்று. ஓர் இலைக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசியிருப்பதாகச் சொன்னாய். காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் இருக்கிறது. அவர் சொல்லும் 150, ஒரு வேளைக்கு 150 இலையா, இரண்டு வேளைக்கும் சேர்த்தா? காலையில் நம் வீட்டு ஆட்கள் நாற்பது பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். காலை 40, மதியம் 150 என்று பிரித்து எழுதி வாங்கு. இல்லாவிட்டால் சாப்பிடாத 110 இலைக்கு உன் வீட்டுக்காரர் பணம் கொடுக்கவேண்டி வரும். மாப்பிள்ளை வாய் திறந்து கேட்கவும் மாட்டார்.

மிக்சர் பதிலை மட்டும் வியாழக்கிழமைக்குள் சொல். இங்கே நம் கடையில் போடச் சொல்லி, நாங்கள் வரும்போது பஸ்ஸில் எடுத்து வந்துவிடுகிறேன். 15 கிலோ என்றால் உன் தம்பியையும் கூட அழைத்து வரவேண்டும்.

அன்புடன்,
அப்பா