கெடு வராத பில்லில் வரவு வைத்த ரூ.1,00,000: கணக்கைத் திருத்தக் கோரி

தேதி: ஜூன் 10
பெறுநர்: மேலாளர், கணக்குப் பிரிவு

ஐயா,

உங்களிடம் பிவிசி பைப் வாங்கி விற்கும் கடை எங்களுடையது. ஒவ்வொரு பில்லுக்கும் 45 நாள் கெடு. ஜூன் 2 அன்று எங்கள் பெயரில் மூன்று பில்கள் பாக்கி இருந்தன. மார்ச் 4 பில் ரூ.62,000, ஏப்ரல் 10 பில் ரூ.48,500. இவை இரண்டுக்கும் கெடு முடிந்துவிட்டது. மே 6 பில் ரூ.71,000, அதன் கெடு ஜூன் 20.

அன்று ரூ.1,00,000 மொத்தமாக அனுப்பினேன். எந்த பில்லுக்கு என்று குறிப்பிடவில்லை. நீங்கள் மே பில்லை முழுதாக முடித்து, மீதி ரூ.29,000-ஐ ஏப்ரல் பில்லில் வரவு வைத்திருக்கிறீர்கள். மார்ச் பில்லில் ஒரு ரூபாய்கூடக் கழியவில்லை. இப்போது அது 90 நாளைத் தாண்டிவிட்டது என்று சரக்கை நிறுத்திவிட்டீர்கள். ஜூன் 2 முதல் ரூ.81,500-க்கு ஆண்டுக்கு 24% வட்டியும் போட்டிருக்கிறீர்கள்.

கேட்டால், "நீங்கள் சொல்லாவிட்டால் எங்கள் விருப்பம்தான்" என்கிறார் உங்கள் கணக்காளர். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 60-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருவது உண்மைதான். காலாவதியான பழைய கடனுக்குக்கூட நீங்கள் வரவு வைக்கலாம். ஆனால் அந்தக் கடன் அன்றைக்குச் செலுத்த வேண்டிய நிலைக்கு வந்திருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஜூன் 20-இல் கட்ட வேண்டிய பில் ஜூன் 2-இல் அந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் உங்கள் விருப்பத்துக்கு மிஞ்சியவை மார்ச், ஏப்ரல் பில்கள்தான். இரண்டும் சேர்ந்து ரூ.1,10,500. ஏப்ரல் பில்லை முதலில் முடித்தாலும் ரூ.51,500 மார்ச் பில்லுக்கு வந்தே தீர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் கெடு தாண்டிய பாக்கி ரூ.10,500-தான். மாதத்துக்கு வட்டி ரூ.210 வர வேண்டிய இடத்தில் ரூ.1,630 கேட்பது என்ன நியாயம்? யாருமே பிரித்து வரவு வைக்காமல் விட்டிருந்தால்கூட, 61-ஆம் பிரிவின்படி பழைய பில்தான் முதலில் கழியும். மார்ச் பில் அன்றே முடிந்திருக்கும்.

ஜூன் 2 வரையிலான தாமத வட்டியை நான் மறுக்கவில்லை. அதற்கான டெபிட் நோட்டைத் தனியாகக் கட்டிவிட்டேன். சீசன் நேரத்தில் சரக்கு நின்றதால் வாடிக்கையான பிளம்பர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள். அதுதான் எங்களுக்குப் பெரிய அடி.

மே பில்லில் வைத்த வரவை ரத்து செய்து, மார்ச் பில்லுக்கு ரூ.62,000, ஏப்ரல் பில்லுக்கு ரூ.38,000 என்று மாற்றுங்கள். கூடுதல் வட்டியை நீக்கி, சரக்கைத் திறந்துவிடுங்கள். திருத்திய கணக்கு விவரத்தை எழுத்தில் அனுப்புங்கள்.

ஏப்ரல் பில்லின் மீதி ரூ.10,500-ஐ இன்று நெஃப்டில் அனுப்பிவிட்டேன். குறிப்பில் அந்த பில் எண்ணைப் போட்டிருக்கிறேன். 59-ஆம் பிரிவின்படி இந்தத் தொகையை வேறு எந்த பில்லிலும் வரவு வைக்க முடியாது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்