நாலுக்கு நாலு சரியாகச் சொன்னவன்

கிருஷ்ணகிரி

அன்புள்ள முனுசாமி,

உன் கடிதம் வந்தது. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை படுத்துவிட்டதை இங்கேயும் பேசிக்கொண்டார்கள். மாங்காய் மண்டிக் கதையை எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது. உன் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன்.

டெலிகிராமில் ஒருவன் நாலு கிரிக்கெட் மேட்ச் முடிவையும் முன்கூட்டியே சரியாகச் சொன்னான், ஐந்தாவதுக்கு 5,000 ரூபாய் கேட்கிறான் என்று எழுதியிருந்தாய். அவன் நாலும் சரியாகச் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். சூட்சுமமே அங்கேதான்.

சேனலைப் பார்த்து 800 பேர் அவனுக்குத் தனியாக மெசேஜ் போடுகிறார்கள் என்று வை. முதல் மேட்சுக்கு 400 பேரிடம் சென்னை ஜெயிக்கும் என்கிறான், மீதி 400 பேரிடம் மும்பை என்கிறான். தோற்ற பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறான். மிச்சமுள்ள 400 பேரை அடுத்த மேட்சுக்கு மறுபடி பாதியாகப் பிரிக்கிறான். 200, 100, 50. நாலாவது மேட்ச் முடியும்போது அந்த 50 பேருக்கு அவன் தெய்வம். ஆளுக்கு 5,000 கட்டினால் இரண்டரை லட்சம். கிரிக்கெட்டே தெரியாதவனும் இதைச் செய்யலாம்!

ஐந்தாவதிலும் அதே வேலைதான். 25 பேர் பந்தயத்தில் ஜெயித்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள், அதுவே அடுத்த விளம்பரம். தோற்ற 25 பேரிடம் ‘கடைசி ஓவரில் பிளான் மாறிவிட்டது, விஐபி குரூப்பில் சேர், விட்டதைப் பிடிக்கலாம்’ என்று இன்னும் கேட்பான்.

எங்கள் மண்டியில் எடை போடும் பையனும் லாரி லோடு ஏற்றும் பையனும் ஒரே ஆளிடம் சிக்கினார்கள். ‘யாரிடமும் சொல்லாதே, வெளியே தெரிந்தால் பந்தய ரேட் விழுந்துவிடும்’ என்று இருவருக்கும் கட்டளை. டீக்கடையில் எப்படியோ வாய் தவறி, போனை எடுத்துப் பார்த்தால் ஒரே மேட்சுக்கு ஒருவனுக்கு ஒரு டீம், மற்றவனுக்கு எதிர் டீம். ரகசியம் காக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆகவே உன் மருமகனை வேறு நம்பரிலிருந்து, வேறு பெயரில், அதே மேட்சுக்குக் கேட்கச் சொல். ஒரு தடவை கேட்டு ஒரே பதில் வந்தால் அதை நம்பிவிட வேண்டாம், இரண்டு நம்பரும் ஒரே பாதியில் விழுந்திருக்கலாம். நாலைந்து மேட்சுக்குக் கேட்டால் குட்டு வெளிப்படும். சேனலின் பழைய பதிவுகளைக் காட்டி வாதாடுவான். தப்பாகப் போனதை ஆட்டம் முடிந்ததும் அழித்துவிடுகிறார்கள், மேலே தள்ளிப் பார்த்தால் வெற்றி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். ஆட்டத்துக்கு முன்னால் இருப்பதைப் படம் எடுத்து வைத்து, மறுநாள் ஒப்பிடச் சொல். ‘ஃபிக்ஸ்டு மேட்ச்’ என்றும் சொல்வான். நிஜமாகவே முடிவு தெரிந்தவன் 5,000 ரூபாய்க்கு ஏன் ஊரெல்லாம் விற்க வேண்டும், கேட்டுப் பார்.

ஏற்கெனவே கட்டிவிட்டான் என்றால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் செய்யட்டும், cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். பணம் போன யூபிஐ ஐடி, பரிவர்த்தனை எண், அந்த மெசேஜ்கள் எதையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல். தாமதித்தால் பணம் கை மாறிப் போய்விடும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
கோவிந்தராஜ்