தலைக்கு மேலே உள்ள பாறையின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், அடர்த்தி எங்கும் ஒரே அளவாக உள்ள கோளுக்குள் ஆழம் போகப் போக ஈர்ப்பு முடுக்கம் சீராகக் குறைந்து, மையத்தில் சுழியாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். முடிவு சரி. சொன்ன காரணம்தான் இடிக்கிறது. தலைக்கு மேலே உள்ள பாறை மேல்நோக்கி இழுப்பதால் எடை குறைகிறது என்கிறது கட்டுரை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கின் பாதி அதில் விட்டுப்போகிறது.

கோளை வெங்காயம் போல அடுக்கடுக்கான ஓடுகளாக நினைத்துக்கொள்வோம். ஆழத்தில் நிற்கும் ஒருவர் சில ஓடுகளுக்கு உள்ளே இருக்கிறார், சில ஓடுகளுக்கு வெளியே இருக்கிறார். அவரைச் சூழ்ந்திருக்கும் ஓடுகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மேலே இருக்கும் அதன் சிறு பகுதி அருகில் இருப்பதால் பலமாக மேலே இழுக்கும், உண்மைதான். ஆனால் அதே ஓட்டின் பெரும்பகுதி அவருக்குக் கீழே, கோளின் மறுபக்கம் வரை சுற்றிக் கிடக்கிறதே! அது தூரத்தில் இருந்தாலும் அளவில் பெரிது, கீழே இழுக்கிறது.

இந்த இரண்டும் ஏன் மிச்சமில்லாமல் சமனாகின்றன? அவர் நிற்கும் புள்ளியிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் இரண்டு குறுகிய கூம்புகள் வரைந்தால், ஒவ்வொன்றும் ஓட்டில் ஒரு துண்டை வெட்டும். ஒரு துண்டு மற்றதைவிட மூன்று மடங்கு தூரத்தில் இருந்தால் அதன் பரப்பும், அதனால் நிறையும், ஒன்பது மடங்கு. தூரம் மூன்று மடங்கானதால் இழுப்பு ஒன்பதில் ஒன்றாகக் குறைகிறது. இரண்டும் அடித்துப்போகின்றன. எந்தத் திசையில் கூம்பு வரைந்தாலும் இதே கதைதான். ஆகவே வெளி ஓடுகள் மேலேயும் இழுப்பதில்லை, கீழேயும் இழுப்பதில்லை. நியூட்டன் 1687-லேயே இதை நிரூபித்துவிட்டார்.

அப்புறம் மிச்சமிருப்பது காலுக்குக் கீழே உள்ள சிறிய உருண்டை மட்டும். 6,400 கி.மீ. ஆரமும், மேற்பரப்பில் 9.8 மீ/வி² முடுக்கமும் கொண்ட சீரான கோளில் 3,200 கி.மீ. ஆழத்துக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். உள் உருண்டையின் ஆரம் பாதி, எனவே நிறை எட்டில் ஒன்று. அதன் மையத்துக்கான தூரமும் பாதியானதால் இழுப்பு நான்கு மடங்காகிறது. எட்டில் ஒன்றை நான்கால் பெருக்கினால் பாதி, அதாவது 4.9. நிறையை மட்டும் பார்ப்பவர் எட்டில் ஒன்று என்பார், தூரத்தை மட்டும் பார்ப்பவர் நான்கு மடங்கு என்பார். தேர்வுத்தாள்களில் இரண்டு விடைகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். 1,600 கி.மீ. ஆழத்தில் ஆரத்தின் முக்கால் பங்கு மிச்சமிருக்கிறது, முடுக்கமும் முக்கால் பங்கு: 7.35. வரைபடம் நேர்கோடாக வருவது இதனால்தான்.

கட்டுரையோடு வந்த படத்தில் மேற்பரப்புக்கு மேலேயும் கீழேயும் கோடு ஒரே சரிவில் இறங்குகிறது. அதுவும் தவறு. 64 கி.மீ. ஆழத்தில் முடுக்கம் 1 சதவீதம் குறையும், அதே 64 கி.மீ. உயரத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் குறையும். மேலே போகும்போது தூரம் மட்டும் கூடுகிறது, இழுக்கும் நிறை மாறுவதில்லை. ஆழத்தில் நிறை குறைவதன் விளைவில் ஒரு பங்கை, தூரம் குறைவது ஈடுகட்டிவிடுகிறது.

கடைசியாக ஒன்று. சீரான கோளுக்கான இந்தக் கணக்கைக் கட்டுரை அப்படியே பூமிக்கும் பொருத்தி, சுரங்கத்தில் எடை குறையும் என்கிறது. உண்மையில் சற்றுக் கூடும். பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் ஐந்தரை மடங்கு. மேலோட்டுப் பாறைக்கோ மூன்று மடங்குகூட இல்லை. ஓரிடத்துப் பாறையின் அடர்த்தி, அதற்கு உள்ளே இருக்கும் உருண்டையின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால்தான் அங்கே இறங்க இறங்க முடுக்கம் குறையும். மேலோட்டில் அது நடப்பதில்லை. 1854-இல் இங்கிலாந்தின் ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஊசலை வைத்து இதை அளந்தார். ஏறக்குறைய 380 மீட்டர் ஆழத்தில் ஊசல், மேலே இருந்ததைவிட நாளொன்றுக்கு இரண்டே கால் வினாடி முந்தியது. பூமி சீரானதாக இருந்திருந்தால் பிந்தியிருக்க வேண்டும்.

பூமியில் முடுக்கம் உறுதியாக இறங்கத் தொடங்குவது சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில், உள்ளகம் தொடங்கும் இடத்தில். அங்கே அது 10.7 அளவுக்கு ஏறியிருக்கும். அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால், சீரான கோளின் நேர்கோட்டுக்குப் பக்கத்தில் பூமியின் கோட்டையும் வரைந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்