ஜெர்மனியில் படிக்கும் சீனியர் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

புதிதாக வந்த தம்பி தங்கைகள் வெளிநாட்டவர் அலுவலகத்துக் கடிதத்தைப் படம்பிடித்து உங்களுக்கு அனுப்புகிறார்கள். "ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்றோ, "எல்லாருக்கும் வர்றதுதான், விடு" என்றோ பதில் போகிறது. பல நேரம் இரண்டுமே தவறு.

கடிதத்தின் தலைப்பில் "அன்ஹோருங்" என்று இருந்தால் அது நிராகரிப்பு அல்ல. முடிவெடுக்கும் முன் நம் தரப்பைக் கேட்கும் கடிதம். உள்ளே "எஸ் இஸ்ட் பெஅப்ஸிக்டிக்ட்" என்று தொடங்கும் வாக்கியம் வரும்; விண்ணப்பத்தை நிராகரிக்க எண்ணியிருக்கிறோம் என்று பொருள். ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு கெடு தேதி உண்டு. அதுவரை பதில் வராவிட்டால், கையில் இருக்கும் காகிதங்களை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். விசா முடியும் முன்பே ஒரு மாணவர் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டார். மே 5 தேதியிட்ட கடிதம் வருகிறது: மருத்துவக் காப்பீடு நிரூபிக்கப்படவில்லை, மே 19க்குள் பதில் தேவை. காரணம், ஊரில் விசாவுக்காக வாங்கிய பயணக் காப்பீட்டையே அவர் இணைத்திருக்கிறார். இங்கே கேட்பது ஜெர்மன் காப்பீட்டு நிறுவனம் தரும் உறுப்பினர் சான்று. அது 19க்குள் கைக்கு வராது என்றால் சும்மா காத்திருக்கக் கூடாது. காப்பீட்டுக்கு விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியை இணைத்து, கெடு முடியும் முன்பே கால நீட்டிப்பு கேட்டு எழுத வேண்டும். கடிதத்தின் மேல்பகுதியில் உள்ள கோப்பு எண்ணைப் பதிலிலும் எழுத வேண்டும். அது இல்லாத பதில் சரியான கோப்பில் சேராமல் போகலாம். அனுப்பியதற்கான அத்தாட்சியையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதற்கிடையே விசா தேதி முடிந்துவிட்டதே என்று பதறுவார். உரிய காலத்தில் விண்ணப்பித்தவருக்கு, தங்கும் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவின்படி முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடரும். அதற்கான இடைக்காலச் சான்றில் எந்த உட்பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 4 என்றால் ஊருக்குப் போய்த் திரும்பலாம். 3 என்றால் அதை மட்டும் நம்பி டிக்கெட் போடக் கூடாது.

உண்மையான நிராகரிப்பை எப்படி அறிவது? அதன் கடைசியில் பொதுவாக "ரெஹ்ட்ஸ்பெஹெல்ஃப்ஸ்பெலேருங்" என்ற பகுதி இருக்கும்: எங்கே, எத்தனை நாளுக்குள் எதிர்க்கலாம் என்ற குறிப்பு. பொதுவாக ஒரு மாதம். சில மாநிலங்களில் முதலில் ஆட்சேபம், சில மாநிலங்களில் நேரே நீதிமன்றம். மஞ்சள் உறையில் வந்தால் அதையும் பத்திரப்படுத்த வேண்டும். தபால்காரர் அதன்மேல் எழுதிய தேதியிலிருந்துதான் கெடு ஓடும். வழக்குப் போட்டதாலேயே இங்கே தங்கிவிட முடியாது, தனியே அவசர மனு வேண்டும். அப்புறம் உங்கள் ஆலோசனை போதாது. அன்றே வக்கீலிடமோ, மாணவர் நல அமைப்பின் சட்ட ஆலோசனைக்கோ அனுப்பிவிடுங்கள்.

ஆகவே அடுத்த முறை முதல் பக்கத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்லாமல், கடைசிப் பக்கத்தையும் உறையையும் கேட்டு வாங்குங்கள்.

உங்களைப் போல் ஒரு சீனியர்