லாரி ஏத்துறதுக்கு முன்னாடி இதப் படிச்சிரு மாப்ள

டேய் மாப்ள,

ரெண்டு மாசமா பதில் போடலன்னு திட்டியிருந்த, திட்டு, நியாயம்தான். அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல. பாப்பா யூகேஜி போறா, என்னையே அதட்டுறா. நீ அடுத்த மாசம் பெங்களூர காலி பண்ணிட்டு மதுரைக்கே வர்றேன்னு எழுதியிருந்தத படிச்சதும்தான் உக்காந்து இத டைப் பண்றேன், ஏன்னா போன வருசம் நாங்க பெங்களூர்ல இருந்து கோயமுத்தூர் வந்தப்ப பட்டத உனக்கு முழுசா சொன்னதே இல்ல.

நெட்ல பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்னு தேடி ஒரு சைட்ல நம்பர் போட்டேன், அவ்ளோதான், அஞ்சு நிமிசத்துல ஏழு பேர் போன். எல்லாரும் இருபத்தஞ்சு, இருபத்தெட்டுன்னு சொல்ல ஒருத்தன் மட்டும் 13,500 சார், எல்லாம் சேத்துன்னான். கம்பெனி பேரு வேற எங்கயோ கேட்ட பேரு மாதிரியே இருந்துச்சு, பெரிய கம்பெனி பேருக்கு முன்னாடி ஒரு வார்த்தைய ஒட்ட வச்சிருக்கான்னு அப்ப எனக்கு உறைக்கல. வீட்டுக்கு வந்து ஒரு சாமானக்கூட பாக்கல, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பைக் இருக்கான்னு கேட்டுட்டு வெல சொல்லிட்டான். அட்வான்ஸ் வெறும் 2,000. இவ்ளோ கம்மியா கேக்குறானே, நல்லவன்னு நெனச்சேன் பாரு! அவனுக்கு அட்வான்ஸ் எதுக்குடா, நம்ம சாமானே அவன் கைல அடமானமா இருக்கப் போகுதுல்ல.

ஒரு குட்டி வண்டில மூணு பசங்க வந்து ஏத்துனாங்க. போறப்ப ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க, அதுல "வீட்டுச் சாமான், 38 உருப்படி" அவ்ளோதான், தொகை எழுத வேண்டிய எடம் காலி. வண்டி நேரா கோயமுத்தூர் வராதுடா, ஊருக்கு வெளிய ஏதோ ஒரு குடோன்ல எறக்கி, இன்னும் நாலு வீட்டுச் சாமானோட பெரிய லாரில ஏத்துவாங்க. அதுல தப்பில்ல, அதனாலதான் வெல கொறையும். ஆனா அந்த குடோன் எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாதுல்ல, அங்கதான் மாட்டுறோம்.

மறுநாள் போன். "சார், சாமான் ஜாஸ்தி, சிஎஃப்டி, அதான் கன அடி கணக்கு, கூடிருச்சு, ஜிஎஸ்டி தனி, பார்டர்ல வரி தனி, மொத்தம் 29,000, போட்டாத்தான் வண்டி கெளம்பும்." முடியாதுன்னா ஒரு நாளைக்கு 800 குடோன் வாடகையாம். ஜிபேல வந்த பேரும் கம்பெனி பேரு இல்ல, எவனோ ஒரு ஆளோட பேரு. பாப்பாவோட தொட்டில், அம்மாவோட மாத்திரை டப்பா எல்லாம் அதுலதான்டா இருந்துச்சு.

அந்த பார்டர் வரி பச்சப் பொய். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததோட நுழைவு வரியெல்லாம் போயிருச்சு, சரக்கு கொண்டு போறதுக்கு எடுக்கிற இ-வே பில்லே பொழங்குன வீட்டுச் சாமானுக்கு தேவையில்ல. இத நான் சொன்னதும் அவன் வரிய விட்டுட்டு "லேபர் சார்ஜ்"னு பேர மாத்துனான், தொகை மாறவே இல்ல.

ஸ்டேசனுக்குப் போனா "இது காசுத் தகராறு, சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க"ன்னு சொல்லிட்டாங்க. லாரிக்காரனுக்கு வாடகை பாக்கி இருந்தா சாமான நிறுத்தி வைக்கலாம்னு ஒரு பேச்சு இருக்கு, அதத்தான் இவனுங்க கேடயமா பிடிக்கிறானுங்க. என்கிட்ட 13,500னு அவன் வாட்சப்ல அனுப்புன கொட்டேசன் இருந்துச்சு, அதான் காப்பாத்துச்சு. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் புகார திருப்பி எழுதிக் குடுத்தார், பேசுன தொகைய தர்றேன்னு சொல்லியும் சாமான குடுக்கல, பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்துல 316(3), சரக்கு கொண்டு போறவன் பண்ற நம்பிக்க மோசடி, ஏழு வருசம் வரைக்கும் உள்ள தள்ளலாம்னு. அத எடுத்துட்டுப் போனப்புறம் எஸ்ஐ அந்த நம்பருக்கு ஒரே ஒரு போன் போட்டார். சாயங்காலமே 17,000க்கு எறங்கி வந்தான். குடுத்துட்டேன்டா. 3,500 வெட்டிதான், ஆனா நாலு நாள் வெறுந்தரைல படுத்த பாப்பா மூஞ்சியப் பாத்தப்ப சண்ட போடத் தெம்பில்ல.

நீ ஒண்ணு பண்ணு. வெல கேக்குறதுக்கு முன்னாடி வீட்ட சுத்தி வீடியோ எடுத்து அனுப்பு, பரண்ல இருக்கிறது, பால்கனி செடித்தொட்டி உட்பட, அதப் பாத்துட்டு சாமான் லிஸ்ட்டோட எழுத்துல வெல தரச் சொல்லு. பாக்காம வெல சொல்றவன விட்ரு. ஜிஎஸ்டி நம்பர் வாங்கி services.gst.gov.in-ல போட்டுப் பாரு, அதுல வர்ற பேருக்கும் பணம் போடச் சொல்ற பேருக்கும் சம்பந்தம் இல்லன்னா கெளம்பிரு. ஏத்துற அன்னிக்கு எல்ஆர்ங்கிற லாரி ரசீதுல மொத்தத் தொகை எழுதாம கையெழுத்து போடாத, வண்டி நம்பர் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்க. மாத்திரை, சர்டிபிகேட், நகை, பாப்பா துணி ரெண்டு செட் உன் கூடவே பஸ்ல வரட்டும். அப்டியும் மாட்டிக்கிட்டா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன், ஆனா முதல்ல ஸ்டேசன், சாமான் இன்னும் அந்த ஊர்ல இருக்கிறப்பவே.

உன் புல்லட்ட ரயில்ல பார்சல் போட்ரு, பெட்ரோல காலி பண்ணிட்டுத்தான் எடுத்துக்குவாங்க. மதுரைல வீடு எந்தப் பக்கம் பாக்குற? தேதி முடிவானதும் எழுது, எறக்குறப்ப நானும் வர்றேன்.

உன்
மாப்ள