சத்திரத்து முகப்பு: இடப்பக்க யானை திரும்பி வந்த கதை

உறுப்பினர்களுக்கு வணக்கம். முகப்பு வேலை முடிந்து சாரம் பிரித்தாயிற்று. வரவு செலவுத் தாள் தனியாக வரும். பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: விழுந்து நொறுங்கிப் போன இடப்பக்க யானையை எதைப் பார்த்துச் செய்தீர்கள்? அதற்கான பதில்தான் இது.

கைப்பிடிச் சுவரில் இருக்கும் கஜலட்சுமிச் சுதையில், தெருவில் நின்று பார்க்கிறவருக்கு வலப்பக்க யானை மட்டும்தான் மிஞ்சியிருந்தது. இடப்பக்கத்தை அரசமர வேர் தள்ளிவிட்டது. கூடத்தில் மாட்டியிருந்த பழைய படம் நேர் எதிரே நின்று எடுத்தது, அளவெடுக்க அருமையான படம். ஆனால் ஓதத்தில் அதன் மேல்பூச்சு சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்க, யாரோ ஒருமுறை கண்ணாடியைக் கழற்றியதில் சரியாக அந்த யானை இருந்த மூலை உரிந்து போயிருக்கிறது. சுவரிலும் இல்லை, படத்திலும் இல்லை.

அப்போதுதான் ஓர் உறுப்பினர் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு கல்யாணப் படம் கிடைத்தது. பந்தலுக்கு மேலே கைப்பிடிச் சுவர் முழுக்கத் தெரிகிறது, ஆனால் பக்கவாட்டிலிருந்து எடுத்தது. பார்த்தால் இடப்பக்க யானை நம் வலப்பக்க யானையின் அச்சு அசல் பிரதி. சரி, ரெண்டும் ஒன்றுதான், இருப்பதைத் திருப்பிப் போட்டுச் செய்துவிடலாம் என்று ஸ்தபதியிடம் சொல்லியும் விட்டோம்.

தடுத்தது சேலை. படத்தில் இருக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் முந்தானை வலது தோளில்! ஆண்களின் சட்டைப் பொத்தானும் மாறியிருந்தது. நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்ட படம் அது. அப்படியென்றால் நாங்கள் இடப்பக்கம் என்று நினைத்தது வலப்பக்க யானையேதான். காணாமல் போனது படத்தின் மறுகோடியில் இருந்தது. அதைப் பார்த்தால் துதிக்கை இன்னும் தாழ்ந்து, குடம் கவிழ்ந்து, முன்கால் ஒன்று மடங்கியிருக்கிறது. முந்தானையை யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் இன்று ரெண்டு பக்கமும் ஒரே யானை நின்றிருக்கும்.

அப்புறம் ரெண்டு படத்தையும் ஸ்கேன் செய்து, கல்யாணப் படத்தை இடம் வலம் மாற்றி, கிம்ப் மென்பொருளில் நேர்ப்படத்தின் மேல் பாதி ஊடுருவித் தெரியும் அடுக்காக வைத்தோம். சாய்கோணத்தை நேராக்க நான்கு புள்ளிகள் வேண்டும், நான்கும் ஒரே சுவர்ப்பரப்பில் இருக்க வேண்டும், இன்றும் சுவரில் இருந்தால் டேப்பு வைத்துச் சரிபார்க்கலாம். அரைத்தூண்களின் மேல்மூலைகளையும் அடிமூலைகளையும் எடுத்தோம். அவற்றைப் பொருத்தியதும், கணக்கில் சேர்க்காத ஐந்தாவது புள்ளியாக நடு வளைவின் உச்சியைப் பார்த்தோம், உட்கார்ந்தது. ஆனால் சஜ்ஜாவின் முனை மட்டும் 9 அங்குலம் பக்கத்தில் தள்ளி நின்றது. அது தப்பில்லை. இந்த முறை ஒரே ஒரு தளத்தைத்தான் நேராக்கும், சஜ்ஜா சுவரிலிருந்து 18 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நீட்டலில் பாதி அளவுக்கு இடம் பிசகுகிறது என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டோம்.

அப்படியானால் துதிக்கை எவ்வளவு நீட்டியிருந்தது? அதற்கு நிழல் உதவியது. கல்யாணப் படம் எடுத்த வேளையில் 18 அங்குல சஜ்ஜாவின் நிழல் சுவரில் 24 அங்குலம் இறங்கியிருக்கிறது. துதிக்கையின் நிழல் 5 அங்குலம் இறங்கியிருக்கிறது. அதே வெயில், அதே திசைச் சுவர், ஆகவே துதிக்கை ஏறக்குறைய 3¾ அங்குலம் முன்னால் நின்றிருக்கிறது. ஆக, படத்தில் அதை 2 அங்குலம் பின்னுக்கு நகர்த்தி வைத்தோம். யானையை மட்டும் வெட்டி நேர்ப்படத்தின் உரிந்த மூலையில் சேர்த்து, கறுப்பு வெளுப்பைச் சமப்படுத்தி, அசல் அளவில் தாளில் அச்சிட்டுச் சாரத்தில் ஒட்டினோம். பக்கத்து யானையையும் அதே தாளில் அச்சிடச் சொன்னது ஸ்தபதி. அதைச் சுவரில் இருக்கிற யானை மேல் வைத்துப் பார்த்து, காதும் கண்ணும் பொருந்திய பிறகுதான் சாந்தைக் கையில் எடுத்தார்.

பின்கால் கொலுசு இல்லாமல் மொட்டையாக இருக்கிறதே என்று நாலைந்து பேர் குறைப்பட்டீர்கள். அந்த இடத்தைப் பந்தல் ஓலை மறைத்திருக்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நின்றுவிட வேண்டும் என்று பழங்கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964 வெனிஸ் சாசனம் சொல்கிறது, நாங்களும் நிறுத்திவிட்டோம். யார் வீட்டிலாவது அந்தக் கால் தெரிகிற படம் இருந்தால் சட்டத்தோடே கொண்டு வாருங்கள், தயவுசெய்து கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், மேலிருந்தே படம் பிடித்துக்கொள்கிறோம்.