64 வீடுகளுக்கும் ஒரு மடல்: முதலில் தண்ணீரை அளந்தோம்

வீட்டு உரிமையாளர்களுக்கும் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பங்களுக்கும் வணக்கம்.

பெரும்பாக்கத்தில் உள்ள நம் குடியிருப்பின் பராமரிப்பை ஜூன் 1 முதல் எங்கள் நிறுவனம் ஏற்றிருக்கிறது. வந்த அன்றே கடிதம் கொடுப்பதுதான் வழக்கம். நாங்கள் 15 நாள் காத்திருந்தோம். கட்டடத்தைப் பார்க்காமல் எழுதினால் வெறும் வாக்குறுதிகள்தான் இருந்திருக்கும்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். மாத மெயின்டனன்ஸ் தொகையில் செப்டம்பர் வரை மாற்றம் இல்லை. எப்போதும்போல அதை அசோசியேஷனின் வங்கிக் கணக்குக்கே கட்டுங்கள். எங்கள் நிறுவனத்தின் கணக்குக்கோ எங்கள் ஊழியர் யாருடைய போனுக்கோ அனுப்ப வேண்டாம். அப்படி யாராவது கேட்டால் உடனே அசோசியேஷன் செயலாளரிடம் சொல்லுங்கள். செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரும் அதே ஆட்கள்தான், யாரையும் மாற்றவில்லை. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச்சிலேயே முடிந்திருந்தது, புதுப்பித்துவிட்டோம்.

இனி தண்ணீர். இந்தக் கட்டடத்தில் மாதச் செலவில் பெரிய பங்கு லாரித் தண்ணீருக்குத்தான் போகிறது. போர்வெல் கோடையில் ஒரு மணி நேரம்கூட ஓடுவதில்லை. மே மாத பில்லில் 12,000 லிட்டர் லாரி 60 லோடு என்று இருந்தது. ஆனால் 60 லோடும் முழுதாக வந்ததா, வந்தது எங்கே போனது என்பதற்கு ஒரு பதிவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பைப் லைன் வரைபடமும் கிடைக்கவில்லை. எந்த வால்வ் எந்த பிளாக்குக்கு என்று எங்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் மோட்டார் போடும் பெரியவர்தான். இரண்டு நாள் அவரோடு சுற்றி ஒவ்வொரு வால்விலும் பெயிண்டால் எண் எழுதினோம். அவர் லீவு போட்டால் கட்டடமே தவிக்கும் நிலை இனி இருக்கக் கூடாது.

அப்புறம் சம்பை அளந்தோம். உட்புறம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். அதாவது தண்ணீர் மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 320 லிட்டர் வந்திருக்கிறது. 12,000 லிட்டர் லாரி முழுதாக இறங்கினால் மட்டம் முப்பத்தேழரை சென்டிமீட்டர் ஏற வேண்டும். இதற்கு மீட்டர் எதுவும் வேண்டியதில்லை. கோடு போட்ட ஒரு நீளக் கம்பி போதும். ஆனால் தண்ணீர் இறங்கும்போது மோட்டாரும் போர்வெல்லும் நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு தப்பாகிவிடும். இறங்கி முடிந்ததும் அலை அடங்க ஐந்து நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படி 10 லோடு பார்த்தோம். சராசரியாக 32 சென்டிமீட்டர்தான் ஏறியது, அதாவது 10,240 லிட்டர். லோடுக்கு 1,760 லிட்டர் குறைகிறது. எல்லா லோடும் இப்படியே வந்தால், 60 லோடில் கிட்டத்தட்ட ஒன்பது லோடுக்குப் பணம் மட்டும் கொடுத்துத் தண்ணீர் வாங்காமல் இருக்கிறோம். போன மாதங்களில் என்ன நடந்தது என்று எங்களால் சொல்ல முடியாது, அப்போது யாரும் அளக்கவில்லை. லாரிக்காரரிடம் பேசிவிட்டோம். டேங்கை முழுதாக நிரப்பாமல் வந்ததை அவரும் மறுக்கவில்லை. ஜூன் 10 முதல் கம்பி காட்டும் அளவுக்குத்தான் பில். செக்யூரிட்டி ஒவ்வொரு லோடின் முன் அளவையும் பின் அளவையும் நோட்டில் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்குகிறார். அந்த நோட்டு கேட் அருகிலேயே இருக்கும். உரிமையாளர், வாடகைதாரர் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

அடுத்தது உங்கள் வீடுகளோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு வியாழக்கிழமை இரவு ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை மொட்டை மாடி டேங்குகளின் மட்டத்தைப் பார்த்தோம். மோட்டார் ஓடவில்லை. அந்த நேரத்தில் யாரும் குளிப்பதில்லை, துவைப்பதில்லை. ஏ பிளாக் டேங்க் 3 சென்டிமீட்டர் இறங்கியது. அதே அளவுள்ள பி பிளாக் டேங்க் 15 சென்டிமீட்டர் இறங்கியது. அந்த டேங்கில் சென்டிமீட்டருக்கு 60 லிட்டர், ஆக மூன்று மணி நேரத்தில் 900 லிட்டர். நாள் முழுக்க இதே கதியில் போனால் 7,200 லிட்டர், அரை லாரிக்கும் மேல். டேங்கின் அடியிலும் வெளிப் பைப்புகளிலும் எங்கும் ஈரம் இல்லை. அப்படியென்றால் தண்ணீர் வீடுகளுக்குள்ளேதான் போகிறது. அனுபவத்தில் சொல்கிறோம், இப்படிச் சத்தமில்லாமல் போவது பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்க் வழியாகத்தான். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்தால் தண்ணீர் கோப்பையின் பின்பக்கம் வழிந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றுங்கள். அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். பி பிளாக்கில் இருப்பவர்கள் இந்த வாரமே பார்த்துச் சொன்னால் எங்கள் பிளம்பர் வந்து மாற்றிக் கொடுப்பார். வீட்டுக்குள் இருக்கும் ரிப்பேர் செலவு ஓனருடையதா குடியிருப்பவருடையதா என்ற பேச்சு இந்த முறை வேண்டாம். வாஷரும் கூலியும் பொதுச் செலவில் போகட்டும் என்று அசோசியேஷன் ஒப்புக்கொண்டிருக்கிறது. வீணாகும் லாரித் தண்ணீரின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

வாடகைக்கு இருப்பவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மெயின்டனன்ஸ் பாக்கி இருந்ததால் முன்பு ஒரு வீட்டின் தண்ணீர் வால்வை மூடியதாகக் கேள்விப்பட்டோம். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததாம். கேட்டபோது மனசு கஷ்டமாக இருந்தது. இங்கே அது இனி நடக்காது. வீட்டு உரிமையாளரோ சொத்தைப் பராமரிப்பவரோ வாடகைதாரருக்குத் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமே சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நாங்கள் செய்ய மாட்டோம். பாக்கி இருக்கும் 11 வீடுகளுக்கும் உரிமையாளர்களிடமே நேரில் பேசுகிறோம். லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலைக் கிழித்துவிட்டோம்.

உரிமையாளர்களே, பாக்கியை வசூலிக்காமல் விட்டுவிடுவோம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு வீடு கட்டாத பணத்தை மற்ற 63 வீடுகள் சுமக்கின்றன. ஒரேயடியாகக் கட்ட முடியாதவர்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், தவணையில் கட்டுவதைப் பற்றிப் பேசலாம். பாக்கியே தவறு, ரசீது தொலைந்துவிட்டது என்பவர்களும் வாருங்கள். எங்களிடம் வந்த கணக்குகளில் இடைவெளி இருக்கிறது, உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டை நாங்கள் ஏற்றுக்கொள்வோம். தரைத்தள அலுவலகம் தினமும் காலை 9 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் வர முடிய வேண்டும் என்றுதான் இரவு எட்டு.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு முதல் லாரி வருகிறது. அளப்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் சம்ப் அருகே வாருங்கள். கம்பியை உங்கள் கையிலேயே கொடுக்கிறோம், நீங்களே விட்டுப் பாருங்கள். சம்ப் மூடி திறந்திருக்கும் என்பதால் சின்னப் பிள்ளைகளை மட்டும் அழைத்து வர வேண்டாம்.

இப்படிக்கு,
பராமரிப்பு அலுவலகம்